ஒரே டெண்டர், இரண்டு ஒப்பந்ததாரர்கள், ஒரே கணினி

அச்சன்புதூர், வடகரை, பண்பொழி, இலஞ்சி என்று தென்காசியைச் சுற்றி எந்தச் சிற்றூரை எடுத்தாலும் ஒரு சிறிய அலுவலகத்தைப் பார்க்கலாம். ஒரு மேசை, இரண்டு கணினிகள், ஒரு பிரிண்டர். ஜிஎஸ்டி தாக்கல், பான் அட்டை, பட்டா மாறுதல் விண்ணப்பம், வங்கிக் கடனுக்கான கணக்கு, ஒப்பந்ததாரர்களுக்கு ஆன்லைன் டெண்டர் எல்லாம் அங்கேதான் நடக்கும். ஊரில் இரண்டு உரக்கடைகள் இருந்தால் இரண்டின் கணக்கும் அந்த மேசைக்கே வரும். தேங்காய் வியாபாரிகள் நான்கு பேர் இருந்தால் நால்வரின் கொள்முதல் பில்களும் ஒரே அலமாரியில் இருக்கும். போட்டியாளர்களில் ஒருவருக்கு மட்டும்தான் வேலை செய்வேன் என்று அங்கே உட்கார்ந்திருப்பவர் சொன்னால், கடை வாடகை கொடுக்கக்கூட வருமானம் வராது.

ஆகவே போட்டியாளர்கள் இருவருக்கும் ஒருவரே வேலை செய்வது சரியா என்ற கேள்வியை அப்படியே கேட்பதில் பயனில்லை. சிற்றூர்ப் பொருளாதாரம் அதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. சட்டமும் குறுக்கே நிற்பதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆவது பிரிவில், ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலை முடிந்த பிறகு இரண்டு வருடம் எங்கள் போட்டியாளரிடம் போகக் கூடாது என்று எழுதி வாங்கினாலும் நம் நாட்டு நீதிமன்றங்கள் பொதுவாக அதை ஏற்பதில்லை. வேலை நடந்துகொண்டிருக்கும் காலத்துக்கு மட்டும் அப்படி ஒரு நிபந்தனை போடலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1967இல் நிரஞ்சன் சங்கர் கோலிகாரி வழக்கில் ஏற்றுக்கொண்டது. அப்படி எதுவும் எழுதிக் கொடுக்காதவர், எத்தனை போட்டியாளர்களுக்கு வேண்டுமானாலும் வேலை செய்யலாம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. இருவரில் ஒருவருக்கு நான் ஒழுங்காக வேலை செய்தாலே இன்னொருவருக்குத் துரோகம் ஆகிவிடும் என்ற நிலை எந்தக் கட்டத்தில் வருகிறது? அந்தக் கட்டம்தான் நலமுரண். அது எப்போது வருகிறது என்பதை நம் பக்கத்தில் அன்றாடம் நடக்கிற ஒரு வேலையை வைத்தே பார்க்கலாம்.

ஒரு பேரூராட்சி, தெருவுக்கு பேவர் பிளாக் பதித்து வாறுகால் கட்ட டெண்டர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீடு 40 லட்சம் ரூபாய். ஊரில் இரண்டு ஒப்பந்ததாரர்கள். முதலாமவர், மூத்தவர், திங்கள்கிழமை வருகிறார். பதிவுச் சான்று, முன்பு செய்த வேலைக்கான சான்று, வருமான வரிக் கணக்கு, வைப்புத்தொகை கட்டிய ரசீது எல்லாவற்றையும் அலுவலகம் நடத்தும் பெண்ணிடம் கொடுக்கிறார். “நம்ம ரேட்டு 38 லட்சத்து 40 ஆயிரம், போட்டுரும்மா” என்று சொல்லிவிட்டுப் போகிறார். புதன்கிழமை இரண்டாமவர், இளையவர், வருகிறார். அதே டெண்டர், அதே தாள்கள். கணக்குப் போட்டுப் பார்த்ததில் 38 லட்சத்து 60 ஆயிரம் வருகிறது என்கிறார். பிறகு சாதாரணமாகக் கேட்கிறார்: “இது சரியா இருக்குமாக்கா, இன்னும் கொஞ்சம் கொறைக்கணுமா?”

அந்தப் பெண் நேர்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம். யாரிடமும் ஒரு பைசா கூடுதலாக வாங்கியதில்லை. இப்போது அவர் என்ன பதில் சொல்ல முடியும்? “சரியா இருக்கும்” என்றால், இரண்டாமவர் தோற்பார் என்று தெரிந்தே அனுப்பிவைக்கிறார். “இன்னொரு தடவை பாருங்க தம்பி” என்றால், முதலாமவர் நம்பிச் சொன்ன தொகையை விற்றுவிட்டார். “எனக்குத் தெரியாது” என்றால் அது பொய். மற்ற டெண்டர்களில் எல்லாம் யோசனை சொல்லிவந்தவர் இந்த ஒரு டெண்டரில் பேசாமல் இருந்தால் அந்த மௌனத்திலிருந்தே விஷயம் தெரிந்த ஒப்பந்ததாரர் விடையைப் படித்துவிடுவார். நடுநிலையான பதில் என்று ஒன்று இல்லாமல் போகிறது. அவருடைய நாணயம் இங்கே உதவாது. கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமலேயே அவர் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. நலமுரணைப் பற்றிப் பேசினால் உடனே “என்னைச் சந்தேகப்படுறீங்களா” என்று கோபப்படுகிறவர்கள் இதைத்தான் பார்க்கத் தவறுகிறார்கள்.

இதே பெண், இதே இரண்டு பேருக்கும் மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்துவந்தபோது இந்தச் சங்கடம் வரவில்லை. அப்போதும் அவர்கள் போட்டியாளர்கள்தான். ஆனால் ஒருவருடைய வரிக் கணக்கை ஒழுங்காகப் போட்டால் மற்றவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. இருவரும் ஒரே வேலைக்காக மோதும்போதுதான் ஒருவருடைய வெற்றி மற்றவருடைய தோல்வியாகிறது. அதனால் ஆளை வைத்தோ தொழிலை வைத்தோ நலமுரணை அளக்க முடியாது, அந்தந்த வேலையை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. “இவர்கள் போட்டியாளர்களா” என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் அதில் வந்துவிடுவார்கள். “இந்த வேலையில் ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதா” என்று கேட்டால் விடை தெளிவாகக் கிடைக்கும்.

ஆனால் இந்த அளவுகோலை அப்படியே வைத்துக்கொள்ள விடாமல் ஒரு வழக்கு நம்மை யோசிக்க வைக்கிறது. பெர்முடா தீவில் நடந்தது. கெல்லி என்பவர் தன் வீட்டை விற்க ஒரு தரகு நிறுவனத்தை நாடினார். பக்கத்து வீட்டுக்காரரும் தன் வீட்டை விற்க அதே நிறுவனத்திடம்தான் சொல்லியிருந்தார். அமெரிக்கத் தொழிலதிபர் ராஸ் பெரோ வந்து முதலில் பக்கத்து வீட்டை வாங்க ஒப்புக்கொண்டார். அடுத்து கெல்லியின் வீட்டையும் கேட்டார். பக்கத்து வீட்டையும் இவரே வாங்குகிறார் என்பது தரகருக்குத் தெரியும், கெல்லிக்குச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்து வாங்க நினைக்கிறவர் அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பார் என்பது நிலம் வாங்கி விற்ற யாருக்கும் தெரியும். விற்ற பிறகு விஷயம் தெரிந்ததும் கெல்லி வழக்குப் போட்டார். 1992இல் லண்டன் பிரிவி கவுன்சில் தரகர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வீட்டுத் தரகர் என்றாலே ஒரே நேரத்தில் பலருக்காக வேலை செய்கிறவர்தான், ஒருவருடைய ரகசியத்தை இன்னொருவரிடம் சொல்லாமல் இருப்பதும் அவர் கடமை, இதைத் தெரிந்துகொண்டுதான் வாடிக்கையாளர் அவரை நாடுகிறார் என்பது தீர்ப்பின் சாரம்.

தொழிலின் வழக்கமே வாடிக்கையாளரின் சம்மதமாகிவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். தணிக்கையாளர்களுக்கும் அப்படித்தான். ஒரே தணிக்கை நிறுவனம் போட்டி நிறுவனங்களைத் தணிக்கை செய்வதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. வழக்கறிஞருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு வழக்கில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவரோ மனு எழுதிக் கொடுத்தவரோ எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்று இந்திய பார் கவுன்சிலின் 33ஆவது விதி சொல்கிறது. கட்டணம் வாங்காமல் சொன்ன ஆலோசனையா, பாதியில் விட்ட வழக்கா என்றெல்லாம் அதில் வேறுபாடு இல்லை.

பெர்முடாத் தீர்ப்பை அச்சன்புதூர்த் தரகருக்கு அப்படியே பொருத்த எனக்குத் தயக்கம் இருக்கிறது. அங்கே தரகரிடம் போகிறவருக்கு அவர் ஒரு நிறுவனம் என்பது தெரியும். இங்கே நிலம் விற்றுத் தருகிறவர் பெரும்பாலும் மாமா, சித்தப்பா, அப்பாவின் கூட்டாளி. “நம்ம ஆளு” என்ற நம்பிக்கையில்தான் பத்திரத்தை அவரிடம் கொடுக்கிறார்கள். அவர் இருதரப்பிலும் கமிஷன் வாங்குவார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பக்கத்து வயலையும் அவரே பேசிக்கொண்டிருக்கிறார், இரண்டையும் ஒருவரே கேட்கிறார் என்பது தெரியாது. தெரியாத ஒன்றுக்கு ஒருவர் சம்மதித்துவிட்டார் என்று சொல்ல முடியுமா? உறவு சொல்லிப் பழகும் இடத்தில் தொழில் வழக்கத்தைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது. வாய்விட்டுச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

பழைய வாடிக்கையாளர்கள் விஷயமும் இருக்கிறது. போன வருடம் மூத்தவருக்கு டெண்டர் போட்டுக் கொடுத்தவர் இந்த வருடம் இளையவருக்கு மட்டும் போடலாமா? இங்கே வழிகாட்ட 1998 டிசம்பரில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்பு ஒன்று உண்டு. புருனே சுல்தானின் தம்பி இளவரசர் ஜெஃப்ரிக்கு ஒரு வழக்கில் கணக்கு வேலைகள் செய்துகொடுத்த கேபிஎம்ஜி நிறுவனம், அந்த வேலை முடிந்த சில மாதங்களில் புருனே முதலீட்டு முகமைக்காக ஒரு விசாரணையை ஏற்றது. அது இளவரசருக்கு எதிராகப் போகக்கூடிய விசாரணை. இரண்டு வேலைகளையும் வேறு வேறு ஆட்கள் செய்கிறார்கள், நடுவில் தகவல் போகாதபடி சுவர் எழுப்பியிருக்கிறோம் என்றது நிறுவனம். நீதிபதிகள் ஏற்கவில்லை. வேலை முடிந்த வாடிக்கையாளருக்கு விசுவாசமாக இருக்கும் கடமை முடிந்துவிடுகிறது, ஆனால் அவருடைய ரகசியத்தைக் காக்கும் கடமை முடிவதில்லை என்றார்கள். அவசரத்துக்கு எழுப்பிய சுவர் போதாது என்று சொல்லித் தடையும் விதித்தார்கள்.

உலகெங்கும் அலுவலகங்கள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கே சுவர் எழுப்ப முடியவில்லை என்றால், ஒரு மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறவர் தன் தலைக்குள் எப்படி எழுப்புவார்? மறந்துவிட்டேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் எல்லாத் தகவலும் ஒரே காலத்துக்கு ரகசியம் இல்லை என்பது அவருக்குச் சாதகமானது. மூத்தவர் போன வருடம் கேட்ட மொத்தத் தொகை டெண்டர் திறந்த அன்றே ஊருக்கே தெரிந்துவிட்டது. அதை நினைவில் வைத்திருப்பதில் தவறில்லை. அவருக்கு ஜல்லி எந்த குவாரியிலிருந்து என்ன விலைக்கு வருகிறது, எத்தனை சதவீத லாபத்துக்கு இறங்கி வருவார், பழைய பில் வராமல் கையிருப்பு எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறது என்பவை இன்றைக்கும் ரகசியங்கள். இவை தெரிந்திருக்கும்வரை, மூத்தவர் கேட்கும் டெண்டரில் இளையவருக்கு விலை பற்றி யோசனை சொல்லக் கூடாது. மற்ற தாள் வேலைகளைச் செய்யலாம்.

இந்தப் பிரிவினையைச் செய்வதற்கு டெண்டரின் அமைப்பிலேயே வழி இருக்கிறது. இரண்டு கவர் முறையில், முதல் கவரில் தகுதிக்கான தாள்கள், இரண்டாவதில் விலை. தகுதித் தாள்களில் போட்டி எதுவும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே ஆள் அவற்றைச் சேர்த்து, வரிசைப்படுத்தி, ஸ்கேன் செய்து கொடுத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. விலை அட்டவணை என்பது இணையதளத்திலிருந்து இறக்கும் ஓர் எக்செல் கோப்பு. அதில் எண்களை நிரப்புவது ஒப்பந்ததாரரின் வேலை. அவர் தன் வீட்டுக் கணினியிலோ தன் பிள்ளையின் மடிக்கணினியிலோ நிரப்பி, தன் இணைய இணைப்பிலிருந்து, தன் கையெழுத்து டோக்கனைச் செருகி ஏற்றட்டும். எப்படி ஏற்றுவது என்பதைச் சொல்லிக் கொடுக்கலாம். எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை.

நடைமுறையில் இது நேர்மாறாக இருக்கிறது. ஒப்பந்ததாரர்கள் பலரும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை, அந்த பென்டிரைவ் போன்ற பொருளை, கடையிலேயே கொடுத்துவைத்துவிடுகிறார்கள். பின் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதிலேயே சுற்றிவிடுகிறார்கள். மேசை இழுப்பறையில் போட்டியாளர்களின் டோக்கன்கள் பக்கம் பக்கமாகக் கிடக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆவது பிரிவு, அந்தக் கையெழுத்துச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டியது அதன் உரிமையாளர் என்கிறது. டோக்கனை விட்டுவிட்டுப் போகிறவர் வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு விட்டுவிட்டுப் போகிறார்.

இதன் ஆபத்து ரகசியத்தோடு முடிவதில்லை. டெண்டர் எந்த இணைய முகவரியிலிருந்து ஏறியது என்பது பதிவாகிறது. புனே மாநகராட்சி திடக்கழிவு ஆலைகளுக்காக விட்ட டெண்டர்களில் கூட்டுச் சதி நடந்ததாக நாகரிக் சேத்னா மஞ்ச் என்ற குடிமக்கள் அமைப்பு புகார் செய்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2018இல் அதில் தீர்ப்பளித்தபோது, போட்டியாளர்கள் என்று வந்தவர்களின் விண்ணப்பங்கள் பொதுவான ஐபி முகவரியிலிருந்து ஏறியிருந்ததும் சான்றுகளில் ஒன்றாக இருந்தது. அங்கே உண்மையிலேயே சதி இருந்தது என்று ஆணையம் முடிவு செய்தது. அச்சன்புதூர் மேசையில் சதி எதுவும் இல்லை. ஆனால் வெளியிலிருந்து பார்க்கிற விசாரணை அதிகாரிக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: இரண்டு போட்டியாளர்கள், ஒரே கணினி, ஒரே இணைப்பு, ஒருவேளை பதினைந்து நிமிட இடைவெளி, இரண்டு தொகைகளும் பக்கத்தில் பக்கத்தில்.

முன்பெல்லாம் ஒப்பந்ததாரர்கள்தான் கவலைப்பட வேண்டியிருந்தது. 2023இல் போட்டிச் சட்டத்தில் செய்த திருத்தம் அதை மாற்றிவிட்டது. அதே தொழிலில் இல்லாதவராக இருந்தாலும், போட்டியாளர்களின் கள்ள உடன்பாட்டை முன்னெடுத்துச் செல்வதில் பங்கேற்றாலோ பங்கேற்க எண்ணினாலோ அவரும் அந்த உடன்பாட்டில் ஒருவர் என்றே கருதப்படுவார். டெண்டர் போட்டுக் கொடுக்கிறவர், ஆலோசகர், இடைத்தரகர் எல்லோரும் இதில் அடங்கக்கூடும். “நான் வெறும் டைப் அடிச்சுக் கொடுத்தேன்” என்பதை நிரூபிக்க வேண்டிய சுமை இனி அந்த மேசைக்காரர் தலையில். அதனால்தான் இதைச் சிறிய ஊரின் சிறிய விவகாரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளப் பணமில்லாத ஒருவர்தான் இங்கே மாட்டிக்கொள்வார்.

சரி, இரண்டாமவர் புதன்கிழமை வரும்போது என்ன சொல்லி அனுப்புவது? இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. “இந்த டெண்டருக்கு ஏற்கெனவே ஒருத்தருக்குப் போடுறேன், உங்களுக்கு முடியாது” என்று சொன்னாலே, போட்டியில் இன்னொருவர் இருக்கிறார் என்ற ரகசியம் வெளியேறிவிடுகிறது. ஊரில் இரண்டே ஒப்பந்ததாரர்கள் என்றால் அது யார் என்றும் தெரிந்துவிடும். மறுப்பதே மூத்தவரைக் காட்டிக்கொடுப்பதாக ஆகிறது. போட்டிக்கு ஆள் இல்லை என்று நினைத்து 38 லட்சத்து 60 ஆயிரம் கேட்க இருந்த இளையவர் அப்போது இறங்கி வருவார்.

இந்த முடிச்சைப் புதன்கிழமையன்று அவிழ்க்க முடியாது. வாடிக்கையாளராகச் சேரும் முதல் நாளில்தான் அவிழ்க்க முடியும். டெண்டர் எதுவும் கண்ணில் படாத ஒரு நாளில், இரண்டு பேரிடமும் தனித்தனியாக ஒரே சொற்களில் சொல்லிவிட வேண்டும்: “உங்க போட்டியாளர்களுக்கும் நான் வேலை செய்றேன். தகுதித் தாள் யாருக்கு வேணும்னாலும் சேர்த்துத் தருவேன். விலைக் கவரை யாருக்கும் தொட மாட்டேன், தொகையை என்கிட்ட யாரும் சொல்லக் கூடாது. டோக்கனை இங்க வெக்கக் கூடாது.” இதை ஒரு தாளில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. எல்லா டெண்டருக்கும் எல்லாருக்கும் ஒரே விதி என்றால், ஒரு குறிப்பிட்ட நாளில் அவர் மறுப்பதிலிருந்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. சில ஒப்பந்ததாரர்கள் இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். விலையும் சேர்த்துப் போட்டுத் தருகிற இன்னொரு கடை கடையநல்லூரிலோ செங்கோட்டையிலோ கிடைக்கும். அந்த நஷ்டம் உண்மையானது, அதை மறைத்துப் பேச விரும்பவில்லை.

விதி சொல்லியும் ஒருவர் தொகையை உளறிவிட்டால்? நடக்கும். அப்படி நடந்தால் அந்த ஒரு டெண்டரில் இருவருக்குமே மேற்கொண்டு எதுவும் செய்யாமல் ஒதுங்கிவிடுவதே சரி. சொன்னவருக்கு வேலையைத் தொடர்ந்துகொண்டு மற்றவரை மட்டும் அனுப்பிவிடுவது எளிது, பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் மற்றவருடைய தகுதித் தாள்கள் அவர் கையில் இருக்கின்றன, எந்தச் சான்றில் குறை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்ட பிறகு ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது, யாருக்கும் வேலை செய்யாமல் இருப்பதைவிடப் பெரிய தவறு.

கட்டணமும் இந்த விஷயத்தில் சேர்த்தி. டெண்டருக்கு இவ்வளவு என்று இருவரிடமும் ஒரே தொகை வாங்குகிறவருக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். “வேலை கிடைச்சா ஒரு சதவீதம்” என்று இருவரிடமும் பேசிவைத்தால் மேலோட்டமாக அதுவும் நடுநிலை போலத்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. வென்ற தொகை உயர உயர அவருடைய ஒரு சதவீதமும் உயரும். இரண்டு பேரும் ஆயிரம் ஆயிரமாக இறங்கிப் போட்டி போடுவது அவருக்கு நஷ்டம், ஒருவர் விட்டுக்கொடுத்து மற்றவர் மதிப்பீட்டை ஒட்டிக் கேட்பது லாபம். அந்த லாபத்தைக் கொடுப்பது பேரூராட்சி, அதாவது வாறுகால் கேட்டு மனுக் கொடுத்த தெருக்காரர்கள். தெரிந்தோ தெரியாமலோ இரண்டு போட்டியாளர்களுக்கும் நடுவே சமரசம் பேசிவைக்கிற ஆளாக அவர் மாறுவதற்கு அந்த ஒரு சதவீதமே போதும். ஆகவே வாடிக்கையாளரிடம் எழுதி வாங்கும் தாளில் கட்டணத்தையும் ரூபாயில், டெண்டர் திறப்பதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்ற வரியோடு எழுதிக்கொள்ள வேண்டும்.